ஆறாம் நாள் முறை

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினால் எனக்குச் சாக்பீஸ் நழுவும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் இரண்டு நாள் முன்பே நோட்டுகளையெல்லாம் அடுக்க ஆரம்பித்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் தைரியம் உண்டு. அது கணக்கு. பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்கு நான் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் 'தீர்வு இல்லை' என்று எழுதி அடிக்கோடு போடும்போது மட்டும் எனக்கு யாரிடமும் பயம் இருக்காது. இனிமேல் எந்தக் கொம்பன் வந்தாலும் இதை மாற்ற முடியாதே என்று ஒரு திமிர். அந்தத் திமிர்தான் ஒரு பொம்பளையின் காதைக் கொண்டுபோயிற்று.

யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் நிலத்தையெல்லாம் வளைத்துக்கொண்டிருந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்தப் பக்கந்தான். ஊருக்கு வடக்கே ஏரிக்கரையை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி, நடுநடுவே தாழம்புதர், ஈச்சம்புதர். அதையும் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பீரங்கி சுட்டுப் பழக இடம் வேண்டுமாம். ஆனாலும் சுற்றி இருந்த ஊர்ப் பெரியவர்கள் போய்க் கெஞ்சியதில், சுடாத நாட்களில் உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ளலாம் என்று வெள்ளைக்கார அதிகாரி வாயால் சொல்லிவிட்டார்.

அந்த ஊர்களுக்குள் புல்லுக்கு முன்பிருந்தே முறை உண்டு. ஒரு நாளைக்கு ஓர் ஊர்தான் இறங்கலாம். இல்லாவிட்டால் அரிவாள் புல்லோடு நிற்காது. சுடுகிற நாளில் எந்த ஊர் முறை வருகிறதோ, அந்த ஊருக்கு அன்றைக்குப் புல் இல்லை. அடுத்த முறை வரைக்கும் மாட்டுக்கு வைக்கோல்தான். அந்த வருஷம் வைக்கோலும் இல்லை.

சுடுகிற நாளில் நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடியைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் அக்காவிடம் அதைத்தான் கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏற்றுகிறவனுக்கு இறக்குகிற புத்தி வேண்டாமா என்றாள். சுட்டு முடித்து லாரியில் ஏறிப் போய்விடுவார்களாம், கொடி மூன்று நாள் நாலு நாள் அப்படியே தொங்குமாம். அதைப் பார்த்துப் பயந்து திரும்பினால் முறையும் போய், மாடும் பட்டினி. போன முறை அப்படித்தான் இருபது பொம்பளைகள் வெறுங்கூடையோடு வந்தார்கள், அன்றைக்கு ஒரு வேட்டுகூட வெடிக்கவில்லை என்று சொன்னாள்.  அவள் வீட்டுப் பசு கன்று போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அதனால்தான் என்னிடம் வந்தாள். இங்கிலீஷ் மாதம் பிறப்பதற்கு முந்தின நாள், மாமாவின், அதாவது அவள் வீட்டுக்காரரின், வண்டியில் ஏறிப் பூந்தமல்லிக்கு வந்து, நான் தங்கியிருந்த அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"தம்பி, நீ பெரிய படிப்பு படிச்சிகிறே. எங்க மொறை நாளும் அவன் சுடுற நாளும் எப்ப எப்ப ஒண்ணா வருதுன்னு கணக்குப் போட்டுக் குடுத்துடு. அந்த நாளு மட்டும் நாங்க போவல. மத்த நாளு கொடி தொங்குனா இன்னா, தொங்காட்டி இன்னா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்புதான். அந்த மாதம் மேல் வகுப்புக்கு நான் நடத்திக்கொண்டிருந்ததே அந்தப் பாடம். இரண்டு தெரியாத எண்கள், ஒரே ஒரு சமன்பாடு, விடை முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். பையன்கள் இதனால் யாருக்கு என்ன லாபம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பாருடா, புல்லுக் கட்டு வரைக்கும் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

சுடுகிற நாள் விவரம் மணியக்காரர் சாவடியில் ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் மாமா அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாவம், எழுத்தைப் படமாக வரைந்திருந்தார். முதல் தேதி சுடுவார்கள், அதிலிருந்து ஒன்பது நாளுக்கு ஒரு தடவை. ஒன்று, பத்து, பத்தொன்பது, இருபத்தெட்டு, இப்படி. உங்கள் முறை எப்போது என்று அக்காவைக் கேட்டேன்.

"மூணாந் தேதி எங்க மொறை. அப்பால ஆறாம் நாளுக்கு ஆறாம் நாளு."

நான் சிலேட்டை எடுத்துக்கொண்டேன். மூன்று, ஒன்பது, பதினைந்து, இருபத்தொன்று, இருபத்தேழு. அதாவது மூன்றோடு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சுடுவது ஒன்றோடு ஒன்பது ஒன்பதாக. இரண்டும் ஒரே நாளில் விழ வேண்டுமானால், சில ஒன்பதுகளிலிருந்து சில ஆறுகளைக் கழித்தால் மீதி இரண்டு வர வேண்டும். ஒன்பது மூன்றால் வகுபடும். ஆறும் மூன்றால் வகுபடும். எத்தனை ஒன்பதிலிருந்து எத்தனை ஆறைக் கழித்தாலும் வருவது மூன்றின் மடங்குதான். இரண்டு மூன்றின் மடங்கா? இல்லை. தீர்ந்தது. தேடவே வேண்டாம். நூறு வருஷம் போனாலும் ஒன்றாக வராது.

ஒன்பதும் பத்தும், இருபத்தேழும் இருபத்தெட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு லேசாக ஓர் உதறல் எடுத்தது. ஒரே நாள் இடைவெளி. ஆனால் என்ன, ஒரு நாள் என்றாலும் அது தாண்ட முடியாத ஒரு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னேன், அழுத்தந்திருத்தமாக. உங்கள் முறையும் அவன் சுடுவதும் எந்தக் காலத்திலும் ஒரே நாளில் வராது, கொடி தொங்கினால் அது பழைய கொடி என்று வைத்துக்கொள், தைரியமாகப் போ. நிசமாவா என்று இரண்டு தடவை கேட்டாள். சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவளுக்கு முதல்முதலாக நான் ஏதோ செய்துவிட்டேன் என்று தோன்றியது.

என்னை முழு முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். சரிபார்த்தேன். பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு வடக்கே தூரத்தில் நெல் மூட்டையை இறக்கினாற்போல் தொம் தொம் என்று கேட்டது. பத்தொன்பதாம் தேதியும் பன்னிரண்டு மணிக்குக் கேட்டது. இடையில் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் கணக்குத் தப்பவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். அவன் சொன்னதைத்தான் சரிபார்த்தேன். அக்கா சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொந்த அக்கா, சொந்தப் பாஷை, அதில் என்ன சந்தேகம்?

இருபத்தெட்டாம் தேதி முதல் பீரியடு எனக்கு மேல் வகுப்பில். விடை உண்டு என்று தெரிந்த பிறகு எல்லா விடைகளையும் எப்படிப் பிடிப்பது என்று நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அதிலிருந்து படி ஏறுவது போல ஏறலாம். இந்தப் பக்கத்து எண்ணோடு அந்தப் பக்கத்தின் பெருக்கு எண்ணைக் கூட்டு, அந்தப் பக்கத்து எண்ணோடு இந்தப் பக்கத்தின் பெருக்கு எண்ணைக் கூட்டு, வித்தியாசம் மாறாது. பொதுக் காரணி இருந்தால் முதலில் அதால் வகுத்துக்கொள்ள மறக்காதே, இல்லாவிட்டால் பாதி விடைகள் விட்டுப்போகும். இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் மாமாவின் முண்டாசு தெரிந்தது.

மாமா மாட்டுக்கு லாடம் அடிக்கப் பூந்தமல்லிக்கு வந்திருக்கிறார். வந்த கையோடு எனக்கு ஒரு துணியில் வேர்க்கடலை கட்டிக் கொடுத்துப் போகலாமென்று பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். வெளியே போய் வாங்கிக்கொண்டேன். அக்கா எப்படி இருக்கிறாள், கன்று எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டேன்.

"நல்லாத்தான் கீறா. இன்னிக்கி எங்க மொறையாச்சே, விடிகாலையிலயே பில்லறுக்கப் பூட்டா. கொடி கூட தொங்கிகினு இருந்திச்சு. நீதான் சொல்லிகிறியே, அதனால பயமில்ல."

இன்றைக்கா என்றேன். முறை நேற்றைக்கல்லவா, இருபத்தேழு அல்லவா என்றேன். மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பொறுமையாக விரலை மடக்கினார்.

"இருவத்திமூணு மொறைக்குப் போனா. இருவத்திமூணு ஒண்ணு, இருவத்திநாலு ரெண்டு, இருவத்தஞ்சு மூணு, இருவத்தாறு நாலு, இருவத்தேழு அஞ்சு, இருவத்தெட்டு ஆறு. ஆறாம் நாளு. அஞ்சு ஊரு கீது, நைனா. அஞ்சு ஊருக்கு அஞ்சு நாளு, ஆறாம் நாளு மறுபடி எங்களுது."

 போன நாளையும் ஒன்று என்று சேர்த்து எண்ணுகிறார்கள். எல்லாரும் அப்படித்தான் எண்ணுகிறோம். புதன்கிழமை வந்தவனை அடுத்த புதன்கிழமை வரச் சொல்ல வேண்டுமானால் எட்டாம் நாள் வா என்கிறோம். நானும் அப்படித்தான் சொல்வேன், பிறந்ததிலிருந்து சொல்லியிருக்கிறேன். ஆனால் சிலேட்டைக் கையில் எடுத்த கணத்தில் நான் அக்காவுக்குத் தம்பியாக இல்லை, இங்கிலீஷ் புத்தகத்துக்குத் தம்பியாகிவிட்டேன். ஆறாம் நாள் என்றதும் ஆறு என்று எழுதிவிட்டேன். முறை ஆறு நாளுக்கு ஒரு தடவை அல்ல. ஐந்து நாளுக்கு ஒரு தடவை.

எதற்கு என்று தெரியாமல் வகுப்புக்குள் போனேன். கை தானாக எழுதியது. ஒன்பதுகளிலிருந்து ஐந்துகளைக் கழித்து இரண்டு வர வேண்டும். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. அப்படியானால் எந்த மீதியைக் கேட்டாலும் விடை உண்டு. இல்லாமல் இருக்கவே முடியாது. எப்போது என்பதுதான் கேள்வி. ஓர் ஒன்பது, இரண்டு போனால் ஏழு, ஐந்தால் வகுபடாது. இரண்டு ஒன்பது பதினெட்டு, இரண்டு போனால் பதினாறு, வகுபடாது. மூன்று ஒன்பது இருபத்தேழு, இரண்டு போனால் இருபத்தைந்து. வகுபடுகிறது, ஐந்து ஐந்து. மூன்று ஒன்பதோடு ஒன்று, இருபத்தெட்டு. ஐந்து ஐந்தோடு மூன்று, இருபத்தெட்டு.

கரும்பலகையின் மூலையில் பையன் ஒருவன் காலையில் தேதி எழுதி வைத்திருந்தான். இருபத்தெட்டு.

மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குச் சுடுவார்கள். நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை, வெளியே நின்ற மாமாவுக்கும் நின்று சொல்லவில்லை. டிராயிங் மாஸ்டரின் சைக்கிள் வேப்பமரத்தில் சாய்த்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று என்னமோ கத்தினார். அவர் குரலுக்கு நான் பயப்படாத ஒரே நாள் அதுதான்.

ஆவடி போகும் சாலையில் நான் எப்படி மிதித்தேன் என்பது எனக்கு முழுசாக நினைவில்லை. வாயில் ஐயோ ஐயோ என்று ஒரு வார்த்தை ஓடிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. கூவம் ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாமல் தோளில் தூக்கினேன். அக்கரை ஏறும்போது வேஷ்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்தால் என்ன. என் பயமெல்லாம் ஒரே ஒரு படமாக இருந்தது. அக்கா குனிந்து புல் அறுக்கிறாள். குனிந்திருப்பதால் அவள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தாழம்புதர் ஆள் உயரம். நான் சத்தியம் செய்திருக்கிறேன், அதனால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அறுக்கிறாள்.

கம்பிவேலிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது கொடி பளிச்சென்று தெரிந்தது. புதுக் கொடி, சாயம் போகாதது. வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். வடக்கத்தி ஆள். உள்ளே பொம்பளைகள் இருக்கிறார்கள் என்று தமிழில் கத்தினேன், இங்கிலீஷில் கத்தினேன். அவனுக்கு இரண்டும் புரியவில்லை. கிழிந்த வேஷ்டியும் மணலுமாக ஒருவன் வந்து கத்தினால் அவன் என்ன நினைப்பான்? துப்பாக்கிக் கட்டையால் என் மார்பில் தள்ளினான். நான் கையால் சேலை கட்டுகிற மாதிரி, புல் அறுக்கிற மாதிரியெல்லாம் செய்து காட்டினேன். இப்போது நினைத்தால் கோமாளித்தனம். அப்போது எனக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனுக்கு என்னமோ உறைத்தது. திரும்பி ஒரு கூடாரத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.

அவன் பாதி தூரம் போவதற்குள் முதல் குண்டு விழுந்தது.

பூந்தமல்லியில் கேட்ட சத்தம் அல்ல அது. தரை என் காலை உதைத்தது. தாழம்புதர்களுக்கு நடுவே மண் எழும்பி நின்றது. இரண்டாவது விழுந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.  இதை எத்தனை வருஷம் கழித்துச் சொன்னாலும் அழகாகச் சொல்ல முடியாது, நான் ஓடவில்லை.

விசில் சத்தம் கேட்டது, பிறகு எல்லாம் நின்றுபோயிற்று. புழுதிக்குள்ளிருந்து பொம்பளைகள் வந்தார்கள். ஒருத்தி, இரண்டு பேர், அப்புறம் ஒரு கும்பல். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், அக்கா இல்லை. ரொம்ப நேரம் இல்லை. அப்புறம் வந்தாள். பக்கத்து வீட்டு அத்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொருத்தி மறுபுறம் பிடித்துக்கொள்ள, இழுத்துக்கொண்டு வந்தாள். அத்தை என்றால் மாமாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, தனியாக இருந்து இரண்டு மாடு வைத்துப் பிழைத்த மனுஷி. அவருடைய இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கத்துகிறார்கள், அவர் மட்டும் ஏன் எல்லாரும் வாயை அசைக்கிறீர்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"காலையில அத்தை கொடியைப் பாத்துட்டு, வோணாம்டீ, திரும்பிடலாம்னுச்சு. நாந்தான், எந்தம்பி கணக்குப் போட்டுக் குடுத்துகிறான், அது பழைய கொடின்னு இட்டுகினு போனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். என் கணக்கில் என்ன தப்பு என்றுகூடக் கேட்கவில்லை. நானே சொல்ல ஆரம்பித்தேன், ஆறாம் நாள் என்றால் ஐந்து என்று. கணக்குத் தப்பில்லை, நான் எடுத்த எண்தான் தப்பு என்றேன். அவளுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? முந்தானையால் அத்தையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூந்தமல்லிக்குத் திரும்பி வந்து வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனேன். உத்தரவில்லாமல் ஓடியதற்குத் தலைமையாசிரியர் எழுதி வாங்கினார், எழுதிக் கொடுத்தேன். டிராயிங் மாஸ்டர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. ராத்திரி பகல் எப்போதும் வேறு ஒரு பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு விடை தெரிந்துவிட்டது, இனி மற்ற விடைகள் தாமாக வரும். ஒன்பதுகளில் ஐந்து கூட்டு, ஐந்துகளில் ஒன்பது கூட்டு. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை முறையும் பீரங்கியும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும். முறையை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளினாலும் தப்பாது, வேறு ஒரு நாளில் வந்து விழும். ஐந்தும் ஒன்பதும் இருக்கிறவரை அதை நிறுத்த யாராலும் ஆகாது. நாளைச் சொல்லி எச்சரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இனிமேல் நான் சொல்லி யார் நம்புவார்கள்? நம்பிவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

மாமா ஒருநாள் வந்தார். ஊரில் அக்காவைக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்றார். கொடியைப் பார்த்தும் இழுத்துக்கொண்டு போனாளாம், புல் ஆசை கண்ணை மறைத்ததாம். கிணற்றடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். என் பெயரை அவள் எடுக்கவே இல்லையாம். அன்றைக்குப் புழுதியில் என்னிடம் சொன்னதோடு சரி, வேறு ஒருத்தரிடமும் கணக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. எந்தம்பி வாத்தியார், அவனை நாலு பேர் பேசக் கூடாது என்று மாமாவின் வாயையும் கட்டிவைத்திருக்கிறாள். கூடப் போனவர்கள் காலையில் அவள் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டார்களோ இல்லையோ, கேட்டிருந்தாலும் அது தம்பியைச் சாக்குச் சொல்லும் பேச்சு என்று தள்ளிவிட்டிருப்பார்கள்.

அன்றைக்கே கிளம்பினேன். இருபத்தெட்டாம் தேதிக்கு அப்புறம் சரியாக எட்டு நாள் ஆகியிருந்தது. இந்தத் தடவை நான் இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

அத்தை வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்றில் உரக்கச் சொன்னால் கொஞ்சம் கேட்கும் என்று மாமா சொல்லியிருந்தார். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, தணிந்த குரலில் சொல்லிவிட வேண்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குத் தெரியாமல் எங்கள் இருவருக்குள் முடிந்துவிடும். என் தைரியம் அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன். சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"இன்னா சொல்றே வாத்யாரே? கேக்கல."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். நல்ல காதைத் திருப்பி, கையைக் குவித்து வைத்துக்கொண்டார். கேக்கல என்றார் மறுபடியும். எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு ஆண்கள் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள், கை நின்றுபோயிற்று. கிணற்றடியில் மூன்று பேர் நின்றார்கள். அக்கா தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.  எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அத்தையின் காதுக்குக் கிட்டே வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அக்கா மேல தப்பில்ல. நான்தான் வராதுன்னு கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆறாம் நாள்னா ஆறுன்னு எடுத்துட்டேன். உங்க காதைக் கெடுத்தது நான்தான்."

தெரு முழுக்கக் கேட்டது. கயிறு திரித்தவர்களில் ஒருவர் எழுந்து நின்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அத்தைக்கும் இந்தத் தடவை கேட்டுவிட்டது. கையைக் காதிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் வாசலில் நின்ற என் அக்காவைப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

எழுந்து நின்றவர் பக்கத்தில் வந்துவிட்டார். அத்தை அவரைப் பார்த்து, போய் வேலையைப் பாரு என்று கையை வீசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மறுபடி எப்போ வருது? அத சொல்லு."

 நாற்பத்தைந்தில் எட்டு போக முப்பத்தேழு நாள். முப்பத்தேழு என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவர் எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டும். இன்றைக்கு ஒன்று என்று வைத்து முப்பத்தெட்டாம் நாள் என்று கத்தினேன். அவர் தட்டிப்போட்ட புளியங்கொட்டைகளை என் முன்னால் தள்ளினார். எண்ணி எடுக்கச் சொன்னார். எண்ணினேன், முப்பத்தெட்டு. மறுபடி ஒரு தடவை எண்ணினேன். இதில் ஒன்று இன்றைக்கு உள்ளது என்று கத்தி, ஒரு கொட்டையை எடுத்துத் தனியாக வைத்தேன். நாளையிலிருந்து தினம் ஒன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள், கடைசிக் கொட்டை எடுக்கிற அன்றைக்குப் போகக் கூடாது என்றேன். புரிந்துகொண்டார்.

கொட்டைகளை ஒரு சட்டியில் போடப் போனவர் நின்றார். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தானே எண்ண ஆரம்பித்தார்.